மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காத பசு

மலேசியாவில் 'உள்நாட்டு இந்தியக் கறவை' என்று வழங்கப்படும் மாடுகள், இந்தியாவிலிருந்து இங்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த மாடுகளின் வழிவந்தவை. பிறை வட்டாரத்தில் தோட்ட நிலங்கள் பலவும் தொழிற்பேட்டைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்ட பின்னரும், வீட்டுக் கொட்டிலில் ஓரிரு மாடுகளை வைத்துப் பால் கறப்போர் உளர். அத்தகையோர் வீட்டில் ஒரு பசு சினை பிடிக்காவிட்டால், அடுத்துப் பேசப்படுவது அதை அடிமாட்டுக்கு விற்பது பற்றியே. விற்பதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்றுண்டு. அதை இங்கு விளக்குகிறோம்.

வெளிப்படையான குறை எதுவுமின்றி, ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காகப் பருவத்திற்கு வந்தும், மூன்று முறையோ அதற்கு மேலோ ஊசி போட்டும் சினை பிடிக்காத பசுவையே கால்நடை மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் பருவத்திற்கு வரும் பசு என்பர். 'ஒழுங்காக' என்னும் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். 18 முதல் 24 நாள் வரையிலான இடைவெளி இயல்பானது. அது மாறுமாயின், நாம் முதலில் ஐயுற வேண்டியது பசுவின் கருப்பையை அன்று, நம் கண்களையே.

ஒரு பசுவின் குறிப்பேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மார்ச் 2, மார்ச் 13, ஏப்ரல் 24 ஆகிய நாள்களில் அதற்கு ஊசி போடப்பட்டது. வீட்டார் மூன்று தோல்வி என்கின்றனர். முதல் இரண்டிற்கும் இடையே 11 நாளே உள்ளன; ஆகவே அவற்றுள் ஒன்று உண்மைப் பருவம் ஆகாது. மார்ச் 13இலிருந்து ஏப்ரல் 24 வரை 42 நாள், அதாவது இரண்டு சுற்று. எனவே மார்ச் 13 உண்மைப் பருவமாகவும் மார்ச் 2 தவறாகவும் இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. ஏப்ரல் 3ஆம் நாளையொட்டி வந்த பருவத்தை எவரும் காணவில்லை.

இன்னொன்றும் குறிப்பேட்டில் உண்டு. ஏப்ரல் 24 மாலை ஊசி போடப்பட்டது. மறுநாள் காலையிலேயே வாலில் இரத்தக் கறை தென்பட்டது. இக்கறை பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தோன்றுவது. சினை பிடித்ததா இல்லையா என்பதை அது காட்டாது. பருவம் கடந்துவிட்டது என்பதை மட்டுமே காட்டும். பருவம் முடிந்து ஏறத்தாழ 10 முதல் 14 மணி நேரத்தில் முட்டை வெளிப்படும். அதன்பின் சில மணி நேரமே அது கருவுறும் நிலையில் இருக்கும். ஆகவே மூன்றாவது ஊசி பெரும்பாலும் காலங்கடந்தது. மூன்று தோல்வி என்றது ஒரே ஒரு நல்ல வாய்ப்பாகச் சுருங்கிவிட்டது!

இத்தவறு ஏன் நேர்கிறது? பசுக்கள் இரவிலும் விடியற்காலையிலுமே பருவ அறிகுறிகளை மிகுதியாகக் காட்டும். அந்நேரத்தில் வீட்டார் உறங்குகின்றனர் அல்லது வேலைக்குப் புறப்படுகின்றனர். வெப்ப நாடுகளில் பருவம் பல மாடுகளுக்குக் குறுகியதாகவும் அடங்கியதாகவும் இருக்கும். தனியே கட்டிய பசுவின்மேல் ஏற மற்றொரு மாடும் இல்லை. பிற மாடு தன்மேல் ஏறும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அறிகுறி. கத்துதல், பால் குறைதல் ஆகியவை தாமாகவே போதா; கண்ணாடிபோல் தெளிந்து தொங்கும் கோழையும் சேர்ந்திருந்தால் ஐயம் குறையும். விடியுமுன்னும் இரவு உறங்குமுன்னும் அரைமணி நேரம் அருகிருந்து பார்த்து, கண்ட நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.

1948இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் வெளியிட்ட ஆய்விலிருந்து எழுந்த விதி இன்றும் பயன்படுகிறது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போட வேண்டும்.

இவ்வாறு கணக்குப் பார்த்து, சரியான நேரத்தில் போட்ட ஊசிகளும் மூன்று முறை பலிக்கவில்லையெனில், உறுப்புப் பரிசோதனை தேவை. மருத்துவர் உறையணிந்த கையை மலக்குடல் வழியே செலுத்தி, முதலில் பசு சினையாக உள்ளதா என்று பார்ப்பார். சினைப் பசுக்களுள் சிலவும் பருவம்போல் நடந்துகொள்வதுண்டு. அப்போது ஊசிக் குழலைக் கருப்பையுள் செலுத்தினால் கரு சிதையக்கூடும். பின்னர்க் கருப்பைக் கழுத்து, கருப்பையின் இரு கொம்புகள், சூலகங்கள் ஆகியவற்றைத் தடவிப் பார்ப்பார். உண்மைப் பருவத்தில் கருப்பை விறைப்பாக இருக்கும். சூலகத்தில் நீர்க்கொப்புளம் போன்ற சினைமுட்டைப்பை தட்டுப்படும். கோழையில் சீழ்த் திவலை இருந்தால் கருப்பை அழற்சி எனக் கொள்ளலாம்.

ஒரு நாள் சோதனையோடு இது முடிவதில்லை. ஊசி போட்ட மறுநாளும் அந்தப் பை அப்படியே இருந்தால், முட்டை தாமதமாக வெளிப்படுகிறது என்று பொருள். மருத்துவர் ஊசியைத் திரும்பவும் போடச் சொல்லக்கூடும். 7 முதல் 10 நாள் கழித்துச் சூலகத்தில் மஞ்சள்திரள் தென்படாவிடில், முட்டை வெளிப்படவே இல்லை எனலாம்.

கைக்கு எட்டாதவையும் உள. கருக்குழாய் அடைப்பு, மறைந்து நிற்கும் மெல்லிய அழற்சி, முதல் மூன்று வாரத்திற்குள் கரு இறந்துபோதல் ஆகிய மூன்றையும் விரல் உணராது. அதனால் மருத்துவர் 'எல்லாம் சரியாக உள்ளது' என்று சொன்னால், பசுவிடம் குறையே இல்லை என்று நாம் கொள்ளலாகாது. பரிசோதனைக்கு அழைக்கும்போது குறிப்பேட்டையும் அவர் கையில் கொடுப்பது நன்று. கன்று ஈன்ற நாள், நஞ்சுக்கொடி தங்கியதா என்பது, ஒவ்வோர் ஊசியின் நாளும் நேரமும், இரத்தக் கறை கண்ட நாள் ஆகிய இவை அதில் இருந்தால் போதும்.