ஏலச் சீட்டா, வங்கிக் கடனா?

மூன்று மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு 3,50,000 ரூபாய் வேண்டியிருக்கிறது. மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கான தொகை அது. ஏலச் சீட்டில் சேர்வதா, வங்கியில் கடன் பெறுவதா என்பதே கேள்வி. சீட்டில் வட்டி என்ற சொல்லே வருவதில்லை. ஆகவே அது மலிவானது என்று பலரும் எண்ணுகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

25 பேர் சேர்ந்து, மாதம் 20,000 ரூபாய் வீதம், 25 மாதங்களுக்கு நடத்தும் 5,00,000 ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் நம் குடும்பம் 1,50,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுக்கிறது. கைக்கு 3,50,000 வருகிறது. தள்ளிய தொகையில் 25,000 ரூபாய் சீட்டு நடத்துபவரின் கமிஷன். எஞ்சிய 1,25,000 ரூபாய் 25 பேருக்கும் பகிரப்படுவதால், ஒவ்வொருவரும் அம்மாதம் 15,000 ரூபாய் கட்டினால் போதும். மாதங்கள் செல்லச் செல்லத் தள்ளும் தொகை குறையும். கட்டவேண்டிய தொகை ஏறும். முதல் ஐந்து மாதம் 15,000, அடுத்த ஐந்து மாதம் 16,000 என்று உயர்ந்து, கடைசி மாதம் முழு 20,000 ரூபாயில் முடிவதாகக் கொள்வோம்.

மூன்றாம் மாதம் வரை குடும்பம் கட்டியது 45,000 ரூபாய். எனவே பெற்ற 3,50,000 ரூபாயில் 45,000 அவர்களுடைய சொந்தப் பணமே. கடனாக வந்தது 3,05,000. இதற்கு அடுத்த 22 மாதங்களில் அவர்கள் கட்டுவது 3,81,000 ரூபாய். கூடுதலாகக் கொடுப்பது 76,000. இதை வட்டியாக மாற்றினால், ஆண்டுக்கு 23 முதல் 24 சதவீதம் வரை ஆகிறது.

அதே 45,000 ரூபாயைச் சேமித்துவைத்து, 3,05,000 ரூபாய்க்கு வங்கியில் 14 சதவீத வட்டியில், 22 மாதத் தவணையில் தனிநபர் கடன் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 15,800 ரூபாய். மொத்த வட்டி 43,000 ரூபாய்க்குள் அடங்கும். பரிசீலனைக் கட்டணம் இரண்டு சதவீதமும் அதன் மீதான வரியும் சேர்ந்தாலும் செலவு 50,000 ரூபாயை ஒட்டியே நிற்கும். வட்டி விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒவ்வொருவரும் தமக்குச் சொல்லப்படும் விகிதத்தை வைத்தே இக்கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

செலவைவிடப் பெரியது நாள் பற்றிய ஐயம். பணம் தேவைப்படும் மாதத்தில் வேறொருவர் நம்மைவிட அதிகம் தள்ளி எடுத்துவிடலாம். பலர் உச்சவரம்புக்கே தள்ளினால் குலுக்கலில்தான் முடிவாகும். ஏலம் நமக்கே கிடைத்தாலும், மீதித் தவணைகளுக்கு ஜாமீன் கொடுத்த பிறகே பணம் கைக்கு வரும். கல்லூரி குறித்த நாள் அதற்காகக் காத்திருக்காது.

சீட்டின் பயன் வேறிடத்தில் இருக்கிறது. மேற்சொன்ன சீட்டையே கடைசி மாதம் எடுப்பவர் 4,26,000 ரூபாய் கட்டி, கமிஷன் போக 4,75,000 பெறுகிறார். அவருக்கு அது சேமிப்பு. ஆனால் அந்த இரண்டாண்டும் அவர் பணம் பிறர் கையில் இருக்கிறது. வங்கி வைப்புத்தொகைக்கு 5,00,000 ரூபாய் வரை உள்ள காப்பீடு சீட்டுக்குக் கிடையாது. முன்னதாக எடுத்தவர்கள் தவணை தவறினாலோ, நடத்துபவர் நொடித்தாலோ, கடைசியில் நிற்பவரே முதலில் பாதிக்கப்படுகிறார். வருமானச் சான்று காட்ட இயலாத சிறு வணிகருக்குச் சீட்டு எளிதாகத் தோன்றுவது உண்மையே. நகை உள்ளவர்களுக்கு நகைக்கடன் அதைவிட மலிவாக அமையக்கூடும்.

சீட்டில் சேரத்தான் வேண்டும் என்றால், 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்டுப் பெறவேண்டும். ஒவ்வொரு சீட்டும் தனித்தனியே மாநிலப் பதிவாளரிடம் பதிவாக வேண்டும்; நிறுவனத்தின் பெயர்ப் பதிவு மட்டும் போதாது. எல்லா இடங்களும் நிரம்பிய பிறகே தொடக்கச் சான்றிதழ் கிடைக்கும். நடத்துபவர் பிணையும் கட்டியிருக்கவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கமிஷன் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. சீட்டு ஒப்பந்தப் படியையும் சான்றிதழ் எண்ணையும் காட்டத் தயங்குபவரிடம் முதல் தவணையே கட்டவேண்டாம். பதிவில்லாத சீட்டு முறிந்தால், பதிவாளரிடம் நிற்பதற்கு நம் கையில் ஆதாரம் இராது.

தேவை இரண்டாண்டுக்குப் பின் என்றால், பதிவுபெற்ற சீட்டைப் பொறுத்திருந்து எடுப்பது ஒரு சேமிப்பு வழி. தேவை மூன்று மாதத்தில் என்றால், சீட்டும் ஒரு கடனே. அதையும் வட்டி விகிதத்தாலேயே அளந்து பார்ப்போம்.