தென்னைக்குள் கோகோ: நிழலைப் பார், பிறகு விதையை வெட்டிப் பார்

ஆனைமலைப் பக்கம் தென்னைக்குள் கோகோ வைத்து, பழம் உடைத்து, விதையைக் காயவைத்து விற்று வருகிறேன். தோப்பைப் பார்க்க வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, "ஊடுபயிருக்கு எதைப் போடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவை இரண்டு. மரத்துக்கு மரம் எத்தனை அடி? நடுப்பகலில் தரையில் எவ்வளவு வெயில் விழுகிறது?

25 அடிக்கு 25 அடி என்று நட்ட தோப்பில் ஏக்கருக்கு ஏறக்குறைய 70 மரம் நிற்கும். ஒரு மரத்தின் பங்குக்கு வரும் நிலம் 58 சதுர மீட்டர். தென்னையின் வேர்களில் பெரும்பகுதி தூரிலிருந்து 2 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அந்த வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் பன்னிரண்டரை சதுர மீட்டர்தான் வரும். மிச்சமுள்ள முக்கால் பங்குக்கும் மேலான நிலத்துக்கு நாம் தண்ணீர் காட்டுகிறோம், களை எடுக்கிறோம், வருமானம் மட்டும் எடுப்பதில்லை. ஊடுபயிருக்கு இடம் இருக்கிறது என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இடம் இருந்தால் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறையில் தென்னையின் ஆயுளை மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் எட்டு ஆண்டுகள் வெயில் தாராளமாகக் கிடைக்கும். கடலை, எள், வாழை எல்லாம் வரும். எட்டு முதல் இருபத்தைந்து வரை மட்டைகள் தாழ்ந்து விரிந்து தரையை மூடிவிடும். அப்போது தீவனப்புல்லும் பசுந்தாளுமே பொருத்தம். அதற்குப் பிறகு மரம் உயர உயர வெயில் மறுபடி இறங்கும். கோகோவுக்கு உகந்தது இந்த மூன்றாம் பருவம். ஆனால் இந்த வயதுக் கணக்கு 25 அடி தோப்புக்கானது. எங்கள் பக்கத்திலேயே 20 அடியிலும் 22 அடியிலும் நட்ட தோப்புகள் உண்டு. அங்கே முப்பது வயதானாலும் நிழல் விலகாது. கோகோ கிளைகள் வெளிச்சம் தேடி நீண்டு போகும், பூ குறையும். அதனால் வயதைக் கேட்பதற்கு முன் நாடாவை எடுத்து அளந்துவிடுங்கள். பிறகு உச்சி வெயிலில் நான்கு மரங்களுக்கு நடுவே நின்று தரையைப் பாருங்கள். பாதிக்குப் பாதியாவது வெயில் திட்டுகள் கிடந்தால் கோகோ வைக்கலாம்.

நான் வைத்திருப்பது இரண்டு தென்னை வரிசைக்கு நடுவே ஒற்றை வரிசை, செடிக்குச் செடி 10 அடி. இப்படி வைத்தால் ஏக்கருக்கு 170 செடி சொச்சம் வரும். இன்னொரு வரிசை சேர்க்கலாமே என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காய் போடும்போது குலையும் மட்டையும் விழ இடம் வேண்டும், தொரட்டிக்காரர் நிமிர்ந்து நடக்க வழி வேண்டும். கோகோவையும் பத்துப் பன்னிரண்டு அடிக்கு மேல் போகவிடாமல் கவாத்து செய்துவிட வேண்டும். தண்டிலிருந்து நேராகக் கிளம்பும் போத்துகளை அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும். தென்னைக்கான உரம் அதன் வட்டப்பாத்தியிலேயே போகட்டும். கோகோவுக்குத் தனிச் சொட்டுநீர்க் குழாய், தனி உரம். ஒன்றின் பங்கை இன்னொன்று தின்றால் முதலில் குரும்பை கொட்டும்.

இந்தக் கூட்டில் நான் மிகவும் பயப்படுவது மழைக்காலத்துக்கு. கோகோவில் கருங்காய் நோயைக் கொடுக்கும் பைட்டாப்தோரா பால்மிவோரா என்ற பூசணம்தான் தென்னையில் குருத்தழுகலையும் கொடுக்கிறது. காயில் சாக்லேட் நிறத்தில் ஒரு புள்ளி தொடங்கி, சில நாளில் காய் முழுக்கக் கறுத்துவிடும். அதை மரத்திலேயே விட்டால் அடுத்த காய்க்குப் பரவும். ஆகவே பார்த்தவுடன் அறுத்து, தோப்புக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடுவோம். மழைக்கு முன்பே ஒரு சத போர்டோ கலவை தெளிப்போம். அதே நாட்களில் அண்ணாந்து தென்னங்குருத்தையும் பார்க்கப் பழகுங்கள். நடுக்குருத்து வெளிறி, இழுத்தால் கையோடு வந்து, நாற்றம் அடித்தால் குருத்தழுகல்தான்.

இனி விதைக்கு வருவோம். கோகோவின் விலை தோட்டத்தில் பாதி, களத்தில் பாதி என்பேன். பழுத்த காயைக் கையால் திருகக் கூடாது. காய் ஒட்டியிருக்கும் இடத்திலேதான் அடுத்த பூ வரும். அந்த மேடு கிழிந்தால் அங்கே இனிப் பூ இல்லை. கத்தரியால் அறுங்கள். உடைக்கும்போது கத்தி வேண்டாம், விதை வெட்டுப்படும். கட்டையில் தட்டினால் பிளந்துகொள்ளும். நடு நரம்பை நீக்கிவிட்டு, வழுவழுப்பான வெள்ளைச் சதையோடு விதையை எடுத்து, வாழையிலை விரித்த மூங்கில் கூடையில் நிரப்பி, மேலேயும் இலை மூடி, சாக்குப் போட்டு அழுத்துவோம். அடியில் சாறு வடிய வழி இருக்க வேண்டும். முதலில் கள் வாசம் வரும், பிறகு காடி வாசம். மூன்றாம் நாள் கிளறக் கை வைத்தால் சூடு தாங்காது; 45 டிகிரியைத் தாண்டியிருக்கும். அந்தச் சூட்டிலும் புளிப்பிலும்தான் விதையின் முளை செத்து, உள்ளே இருக்கும் ஊதா நிறம் பழுப்பாக மாறத் தொடங்குகிறது. ஐந்தாம் நாள் இன்னொரு முறை கிளறி, ஆறு நாள் முடிந்ததும் களத்தில் பரப்புவோம். அதற்கு மேல் விட்டால் அம்மோனியா நெடி ஏறும். அந்த விதையை எந்த வெயிலும் திருத்தாது.

கூடையில் விதை குறைவாக இருந்தால் சூடு ஏறாது. சிறு தோப்புக்காரர்களுக்கு இதுவே பெரிய இடைஞ்சல். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்தார் ஒரே நாளில் பழம் உடைத்து, விதையை ஒன்றாகச் சேர்த்துப் புளிக்கவைக்கிறோம். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. காய்ச்சல் போதுமா என்று பார்க்க ஒரு பிடி விதையைக் கையில் அழுத்துங்கள். கலகலவென்று நொறுங்கும் சத்தம் வர வேண்டும். ஈரப்பதம் 7 சதத்துக்குள் வராமல் மூட்டை கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி மழையில் இது அதிகம் நடக்கும்.

வாங்க வருபவர் மூட்டையில் கைவிட்டுக் கொஞ்சம் விதை எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் பிளந்து பார்ப்பார். ஒருமுறை ஒருவர் என்னிடம், "அண்ணா, உள்ளே இன்னும் ஊதா நிக்குதுங்க, கூடையில சூடு ஏறலைங்க" என்றார். தோட்டத்தையே பார்க்காமல் கூடைக்குள் நடந்ததைச் சொல்லிவிட்டார். வெட்டிய முகம் பழுப்பாகவும் உள்ளே மடிப்பு மடிப்பாகப் பிளவோடும் இருந்தால் நல்ல விதை. ஊதா என்றால் புளிப்பு போதவில்லை. சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தால் புளிக்கவே இல்லை.

ஈரமாகவே விற்பதா, காயவைத்து விற்பதா என்பதற்கு என் கணக்கு எளிது. 100 கிலோ ஈரவிதை காய்ந்தால் 33 முதல் 38 கிலோதான் தேறும். அதனால் ஈரவிதைக்குச் சொல்லும் விலையை மூன்றால் பெருக்குங்கள். காய்ந்த விதையின் விலை அதைவிட ஆள்கூலிக்கும் மேலாகக் கூடுதலாக இருந்தால் காயவையுங்கள். இல்லையென்றால் ஈரமாகவே கொடுத்துவிடுங்கள். வெயில் இல்லாத மாதத்தில் நானே ஈரமாகக் கொடுத்துவிடுவேன்.

2024-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் சரிந்தபோது நியூயார்க் சந்தையில் கோகோ டன் 10,000 டாலரைத் தாண்டியது. அப்போது ஊதா விதையும் விலை போயிற்று. அடுத்த ஆண்டு விலை இறங்கியதும் வெட்டிப் பார்ப்பது மறுபடி கடுமையானது. உச்ச விலையை வைத்து எந்த விவசாயிக்கும் வரவு செலவு போட்டுக் கொடுக்காதீர்கள். தென்னையை முதல் வருமானமாகவும் கோகோவை இரண்டாவதாகவும் எழுதுங்கள். அடுத்த முறை தோப்புக்கு வரும்போது குறிப்பேட்டோடு ஓர் அளவு நாடாவும் சிறு கத்தியும் எடுத்து வாருங்கள்.