நண்பர் பெற்ற காப்புரிமையும் நமது துறையும்

நமது இரசாயனத் துறையில் என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவருக்குக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. நீரிலுள்ள புளூரைடை நீக்கும் வடிகலவை ஒன்றுக்காகக் கிடைத்தது அது. அவரை மனமாரப் பாராட்டுகிறேன். “அவருக்குக் கிடைத்தால் துறைக்கென்ன?” என்று முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்கு விடையாகவே இதை எழுதுகிறேன்.

இராஜஸ்தானத்துக் கிணறுகளிலும் நமது தருமபுரிப் பக்கத்துக் கிணறுகளிலும் புளூரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் நெடுநாள் அருந்தினால் பல்லில் கறை படியும், பின்பு எலும்பையும் தாக்கும். புளூரைடை ஈர்த்துக்கொள்ள அலுமினாவும் எலும்புக்கரியும் பயன்படும் என்பது பழைய செய்தி. நண்பர் இரண்டையும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில், குறிப்பிட்ட முறையில் பக்குவப்படுத்திக் கலந்தார்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 3ஆம் பிரிவின் (e) உட்பிரிவில், வெறுங் கலவைக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. சேர்ந்த பொருள்களின் குணங்கள் ஒன்றாகக் கூடி நிற்பதோடு சரி என்றால் அது கண்டுபிடிப்பு ஆகாது. விண்ணப்பத்தைச் சோதித்த அதிகாரி இந்தத் தடையையே எழுப்பினார். சட்டப்படி அது சரியான தடையே.

இதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கிராம் அலுமினா 2 மில்லிகிராம் புளூரைடையும், ஒரு கிராம் எலும்புக்கரி 3 மில்லிகிராமையும் ஈர்க்கின்றன என்க. சரிபாதியாகக் கலந்த ஒரு கிராம் கலவை 2.5 மில்லிகிராம் ஈர்க்க வேண்டும். அவ்வளவே ஈர்த்தால் அது வெறுங் கலவை. அது 4 மில்லிகிராம் ஈர்த்தால், தனித்தனியே எதனிடமும் இல்லாத ஏதோ ஒன்று சேர்க்கையால் விளைந்திருக்கிறது என்று வாதாடலாம். ஆகவே கலவையை மட்டும் அளந்தவனுக்கு வாதமே இல்லை. இரண்டு பொருள்களையும் அதே நீரில், அதே நேர அளவில் தனித்தனியே அளந்திருக்க வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. அலுமினா சற்றே புளிப்பான நீரில் மிகுதியாக வேலை செய்யும். கலவை நீரின் புளிப்பை மாற்றிவிட்டால், கூடுதல் பலன் புளிப்பால் வந்ததா, சேர்க்கையால் வந்ததா என்று எப்படித் தெரியும்? அலுமினாவை மட்டும் அதே புளிப்பு நிலையில் வைத்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். இன்னொன்று: நீரில் கரைந்த அலுமினியம் புளூரைடைப் பற்றிக்கொள்ளும். உரிய கரைசலைச் சேர்த்து அதை விடுவிக்காமல் மின்முனையால் அளந்தால், நீரில் கிடக்கும் புளூரைடே நீங்கிவிட்டது போலக் குறைந்த அளவு காட்டும்!

இந்த அலுப்பூட்டும் அளவுகளை எடுத்தவர்கள் யார்? கருவியறையில் மின்முனையைத் தினந்தோறும் சரிபார்த்தவரும், ‘பயனில்லாத’ வெற்றுச் சோதனைகளைத் தேதியிட்டு நோட்டில் எழுதிவைத்த எம்.எஸ்ஸி. மாணவர் இருவருமே. அதிகாரிக்கு எழுதிய மறுமொழியில் நின்றது அவர்களுடைய அட்டவணைதான். உரிமையும் நண்பர் பெயரில் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது. நண்பர் கண்டுபிடித்தவர் என்று குறிக்கப்பட்டிருக்கிறார்.

அம்மாணவருள் ஒருவரது ஆய்வேடு நூலகத்தில் வைக்கப்படுவதற்கு முன்பே விண்ணப்பம் சென்றுவிட்டது. முறை மாறியிருந்தால், அவருடைய ஏடே ‘இது முன்னமே வெளியானது’ என்பதற்குச் சான்றாகியிருக்கும். கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரைக்குச் சட்டம் 12 மாதச் சலுகை தருகிறது. நூலகத்து ஆய்வேட்டுக்கும் அது பொருந்தும் என்று நம்பியிருக்க முடியாது. முதலில் விண்ணப்பம், அடுத்த நாளே ஏடு என்றால் மாணவருக்கும் தாமதமில்லை.

காப்புரிமை வந்ததால் இனி அக்கலவையை நமது பரிசோதனைச்சாலையில் தொடலாகாதோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டாம். சோதனைக்கும், ஆராய்ச்சிக்கும், மாணவருக்குக் கற்பிப்பதற்கும் பயன்படுத்துவதை அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு அனுமதிக்கிறது. விகிதத்தை மாற்றிப் பாருங்கள். குறை கண்டால் எழுதுங்கள்.

காப்புரிமை வழங்கப்பட்ட செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை, அக்கறையுள்ள எவரும் அதை எதிர்த்து மனுக்கொடுக்கலாம். எனவே அந்தச் சோதனை நோட்டுகள் துறை அலுவலகத்து அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பார்க்க விரும்புவோர் அங்கேயே அமர்ந்து பார்க்கலாம். விடுதிக்கு எடுத்துச் செல்ல இயலாது.