டியூஷனும் எடுக்கணும், ஜாமும் எழுதணும்

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, மாலையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தபடி, ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. ஜாம் நடப்பது பிப்ரவரியில். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஜனவரியில்தான் பள்ளிகளில் திருப்புதல் தேர்வு தொடங்கும். "சார், ஞாயிற்றுக்கிழமையும் எடுங்களேன்" என்று பெற்றோர் கேட்பதும் அப்போதுதான். நவம்பரிலேயே தேதியைச் சொல்லிவிடுங்கள். அரையாண்டுக்கு முன்பே பாடங்களை முடித்து, ஜாமுக்கு முந்தைய ஒரு வாரம் விடுமுறை கேளுங்கள். அந்த வாரத்துக்கான வினாத்தாள்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் சொன்னால்தான் சம்பளத்தில் கைவைப்பார்கள்.

2. பிளஸ் டூ கணிதத்தில் உங்களுக்கும் பங்குண்டு. அணிகள் பாடத்தில் அணியின் தரம், காஸ் நீக்கல் முறை நடத்துகிற வாரத்தில் ஜாமுக்கான லீனியர் அல்ஜீப்ராவை எடுங்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கும் இதே வழி. தனிநிலைக் கணிதத்தில் அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை என்று சரிபார்க்கச் சொல்லித்தருகிறீர்களே, அந்த நான்கும் சேர்ந்தால்தான் குலம். குரூப் தியரியை அங்கிருந்தே தொடங்கலாம். ரியல் அனாலிசிஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

3. அதனால் ரியல் அனாலிசிஸை விடியற்காலையில் வையுங்கள். மூன்று மணி நேரம் தொண்டை வறளக் கத்திவிட்டு இரவு ஒன்பதுக்குப் புதுத் தேற்றம் படித்தால், ஒரே வரியை நாலு தடவை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். இரவுக்குப் பழைய வினாத்தாள் கணக்குகளே போதும். பிள்ளைகளின் விடைத்தாள்களை வீட்டுக்குச் சுமந்து வராதீர்கள். வகுப்பிலேயே மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

4. ஜாமில் மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண். முதல் பகுதியில் நான்கில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி தப்பானால் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் குறையும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 2 வரும். மூன்று தப்பாகி அதே 2 போய்விடும். ஒரு விடையாவது நிச்சயம் தவறு என்று தெரிந்தால் மட்டும் மீதி மூன்றில் ஊகிக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள பகுதியிலும் எண் விடைப் பகுதியிலும் கழிவு இல்லை. அங்கே எதையும் காலியாக விடாதீர்கள்.

5. கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் தருவதை மவுஸால்தான் தட்ட வேண்டும். பழகாதவர்களுக்கு நேரம் கரையும். தேர்வை நடத்தும் ஐ.ஐ.டி.யின் இணையதளத்தில் மாதிரித் தேர்வு இருக்கும். பழைய வினாத்தாள்களும் அங்கேயே கிடைக்கும். இரண்டும் இலவசம்.