‘ஆல்கஹால் இல்லை’ என்னும் லேபிளும் அரை விழுக்காடும்

மதுப்பழக்கத்திலிருந்து மீண்டு, டைசல்ஃபிரம் மாத்திரை உட்கொண்டு வந்த ஒருவரை அவருடைய குடும்பத்தினர் ஓர் இரவு எம்மிடம் அழைத்து வந்தனர். முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடக்க, தலைவலியாலும் குமட்டலாலும் அவர் துன்புற்றுக்கொண்டிருந்தார். ‘குடித்தீர்களா?’ என்று வினவியபோது, இல்லை என்றே உறுதியாகக் கூறினார். அவர் பொய் சொல்லவில்லை. ஜெர்மனியிலிருந்து விடுப்பில் வந்த மகன், தந்தைக்குத் தீங்கில்லாத பானம் என நம்பி, ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று அச்சிட்ட பீர் புட்டிகளை வாங்கி வந்திருந்தார். தந்தை ஒரு மணி நேரத்தில் மூன்று புட்டிகளை அருந்தியிருந்தார்.

காலிப் புட்டியைக் கொண்டுவரச் செய்து பார்த்தோம். முன்புறத்துப் பெரிய எழுத்துகளில் ‘இல்லை’ என்றிருந்தது. பின்புறத்துச் சிறிய எழுத்துகளில் ‘0.5%’ என்றிருந்தது. இரண்டும் அந்நாட்டு வழக்கின்படி சரியே. ஜெர்மனியில் அரை விழுக்காடு வரை ஆல்கஹால் உள்ள பீரையும் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று விற்கலாம். பிரிட்டனின் வழிகாட்டுதலில் அச்சொல் 0.05 விழுக்காட்டிற்கு மேற்படாத பானத்திற்கே உரியது, அரை விழுக்காடு வரை உள்ளது ‘ஆல்கஹால் நீக்கப்பட்டது’, 1.2 விழுக்காடு வரை உள்ளது ‘குறைந்த ஆல்கஹால்’. நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் அரை விழுக்காட்டிற்கு மேற்பட்டதையே மதுபானமாகக் கொள்கின்றன. ஆகவே சொல்லை நம்புதல் போதாது. எண்ணைத் தேடிப் படித்தல் வேண்டும். ‘0.0’ என்று அச்சிட்டவற்றிலும் மிக நுண்ணிய எச்சம் இருக்கக்கூடும்.

இந்த எச்சம் எவ்வாறு வருகிறது? இத்தகைய பீரும் ஒயினும் பெரும்பாலும் நொதிக்க வைத்துச் செய்யப்படுபவையே. பின்னர் குறைந்த அழுத்தத்தில் மெல்லச் சூடாக்கியோ, நுண்சவ்வின் வழியே வடித்தோ ஆல்கஹாலை நீக்குகின்றனர். அல்லது நொதித்தலையே பாதியில் நிறுத்துகின்றனர். எவ்வழியிலும் முற்றிலும் நீக்குவது கடினம். முயன்றால் சுவையும் உடன் போய்விடும்.

இனி அளவைக் கணக்கிடுவோம். அப்புட்டி 500 மில்லி லிட்டர் கொண்டது. அதில் அரை விழுக்காடு என்பது 2.5 மில்லி லிட்டர், எடையில் ஏறத்தாழ 2 கிராம் ஆல்கஹால். ஐந்து விழுக்காடு கொண்ட வழக்கமான பீர் இதே அளவுப் புட்டியில் 20 கிராம் கொண்டிருக்கும். அதாவது, பத்துப் புட்டி சேர்ந்தால்தான் ஒரு புட்டி பீருக்கு ஈடாகும். நலமுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 7 கிராமை அகற்றிவிடுவதால், ஒரு புட்டி அவருக்குப் போதை தருவதில்லை. ‘குறைந்த ஆல்கஹால்’ என்பதோ வேறு கதை: 1.2 விழுக்காட்டில் நான்கு புட்டிகள் வழக்கமான ஒரு புட்டிக்கு ஏறக்குறைய சமம். பெயரிலுள்ள ‘குறைந்த’ என்னும் சொல்லைக் கண்டு, எத்தனை புட்டி என்று எண்ணாமல் விடுவதே இங்குப் பிழை.

அந்த நோயாளியின் உடலுக்குச் சென்றது மூன்று புட்டிகளில் 6 கிராம். கல்லீரல் ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக்கி, பின்னர் அதையும் சிதைக்கிறது. டைசல்ஃபிரம் இந்த இரண்டாம் படியைத் தடுத்துவிடுவதால் நச்சு இரத்தத்தில் தேங்குகிறது. முதல் புட்டியில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதனாலேயே அச்சமின்றித் தொடர்ந்தார். இரண்டாவது முடிவதற்குள் முகம் சூடேறியது; மூன்றாவதில் படபடப்பு மிகுந்தது. மாத்திரையை நிறுத்திய பின்னும் இத்தடை இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். எனவே ‘இன்று மாத்திரை விழுங்கவில்லை, குடிக்கலாம்’ என்பதும் ஆபத்தானதே.

‘நன்கு பழுத்த வாழைப்பழத்திலும் சிறிது ஆல்கஹால் உண்டே’ என்று அவருடைய மகன் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பழத்தில் ஒருவர் உண்ணும் அளவு அதைவிட மிகச் சிறிது. மேலும், பழம் எவருக்கும் பழைய மாலை நேரங்களை நினைவூட்டுவதில்லை. பீரின் மணமும் நுரையும் புட்டியின் குளிர்ச்சியும், குடியை விட்டவருக்கு மீண்டும் வேட்கையைத் தூண்டக்கூடியவை. எமது மதிப்பில், மாத்திரை உட்கொள்ளாதவருக்கும் இதுவே பெரிய இடர்; 0.0 என்னும் எண்ணாலும் அது தீராது. கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் இப்பானங்களை அருந்தலாகாது.

மேற்கூறிய அறிகுறிகள் தோன்றினால் உடனே அருந்துவதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருப்பின் ஆம்புலன்ஸை அழையுங்கள். காலிப் புட்டியையும் மாத்திரைப் பட்டையையும் உடன் கொண்டுவாருங்கள். அந்த இரவில் எமக்கு விடை தந்தது புட்டியின் பின்புறமே.