பழைய வைஃபை ரௌட்டர் வாங்குமுன் பின்புறத்தைப் பாருங்கள்

மாட்டுக் கொட்டகையிலும் மோட்டார் அறையிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் விவசாயிகள், வீட்டில் உள்ள இணைய இணைப்பை அதுவரை கொண்டு செல்ல இரண்டாவது ரௌட்டர் ஒன்றைத் தேடுகின்றனர். பிறர் பயன்படுத்திய ரௌட்டரைக் குறைந்த விலைக்கு வாங்குவதும் உண்டு. விற்பவர் கைப்பேசியில் அனுப்பும் புகைப்படத்தைப் பார்த்தே பெரும்பாலும் பேரம் முடிந்துவிடுகிறது. அப்படத்தில் முன்புறமும் அன்டெனாக்களும் நன்றாகத் தெரியும். ஆனால் அன்டெனா இரண்டா நான்கா என்பதைக் கொண்டு அந்த ரௌட்டர் எவ்வகை இணைப்பை ஏற்கும் என்று அறிய முடியாது. அதை அறிவிப்பவை பின்புறத்துத் துளைகளே. ஆகவே பணம் கொடுக்குமுன், பின்புறம் முழுவதும் நேராகவும் எழுத்துகள் தெளிவாகவும் தெரியும்படி எடுத்த படத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

துளையின் அகலம்

படத்தில் முதலில் கவனிக்க வேண்டியது துளைகளின் அகலம். நெட்வொர்க் கம்பி செருகும் துளை அகலமானது. அதன் உள்ளே 8 தகடுகள் வரிசையாக இருக்கும். தொலைபேசிக் கம்பி செருகும் துளை சற்றுக் குறுகலானது. உள்ளே 2 அல்லது 4 தகடுகளே இருக்கும். கம்பியின் முனையை அளந்தால் முன்னது சுமார் 11½ மி.மீ., பின்னது சுமார் 9½ மி.மீ. இருக்கும். வேறுபாடு சிறியதே. எனினும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது படத்திலேயே எளிதில் தெரியும்.

அகலமான துளைகள் நான்கும் குறுகலான துளை ஒன்றும் இருந்து, குறுகலானதன் அருகில் DSL, ADSL அல்லது LINE என்று எழுதியிருந்தால், அது தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் பெறும் ரௌட்டர். பல ஊர்களில் தொலைபேசிக் கம்பி இணைப்புக்குப் பதிலாகக் கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டதால், இத்தகைய ரௌட்டர்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. மலிவாக விற்பனைக்கு வருபவற்றிலும் இவை அடங்கும்.

குறுகலான துளையே இல்லாமல், அகலமான துளைகள் ஐந்து இருந்து, அவற்றில் ஒன்று மட்டும் தனி நிறத்தில் அல்லது சற்று விலகி அமைந்து, அருகில் WAN அல்லது INTERNET என்று எழுதியிருந்தால், அது வேறொரு பெட்டியிலிருந்து நெட்வொர்க் கம்பி வழியே இணையம் பெறும் ரௌட்டர். கண்ணாடி இழைப் பெட்டி உள்ள வீட்டுக்கு இதுவே பொருத்தமானது. பெரும்பாலும் WAN நீல நிறத்திலும் LAN மஞ்சள் நிறத்திலும் இருக்கும். ஆயினும் எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்றுவதில்லை. நிறத்தைவிட எழுத்தையே நம்ப வேண்டும்.

சில ரௌட்டர்களில் குறுகலான துளையும் இருக்கும். நான்காவது அகலத் துளையின் அருகில் LAN4/WAN என்றும் எழுதியிருக்கும். இவை இரு வகை இணைப்பையும் ஏற்கும். படத்தில் இந்த எழுத்து மங்கலாக இருந்தால், அந்த இடத்தை மட்டும் அருகில் எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. சிம் கார்டு செருகும் பிளவு இருப்பின், கைப்பேசிச் சிக்னல் வழியாகவும் அது இணையம் பெறும்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குறுகலான துளை உள்ள ரௌட்டரெல்லாம் தொலைபேசிக் கம்பி வகையைச் சேர்ந்தவை அல்ல. TEL அல்லது PHONE என்று எழுதிய குறுகலான துளை, ரௌட்டரிலிருந்து தொலைபேசிக் கருவிக்குக் கம்பி கொண்டு செல்வதற்கானது. அதன் வழியே இணையம் உள்ளே வராது. இத்தகைய துளை பெரும்பாலும் கண்ணாடி இழைப் பெட்டிகளில் காணப்படும். அவற்றில் PON அல்லது OPTICAL என்று குறிக்கப்பட்ட, பெரும்பாலும் பச்சை நிறமுள்ள சிறு சதுரத் துளையும் இருக்கும். இதை வெளியில் வாங்கி வந்து நாமே பொருத்திக்கொள்ள இயலாது. இணைப்புத் தரும் நிறுவனம் அதன் வரிசை எண்ணைத் தன் பதிவில் சேர்த்தால்தான் அது இயங்கும். எனவே பழைய கண்ணாடி இழைப் பெட்டியை வாங்குமுன் அந்நிறுவனத்திடம் கேட்பது அவசியம்.

அடிப்புற வில்லை

துளைகளைப் பார்த்தபின் மாதிரி எண்ணையும் ஒத்துப் பார்க்க வேண்டும். அது ரௌட்டரின் அடிப்புறம் ஒட்டிய வில்லையில் இருக்கும். டிபி-லிங்க் ரௌட்டர்களில் TD-W8961N போல TD என்று தொடங்குபவை தொலைபேசிக் கம்பி வகை. TL-WR841N போல TL-WR என்று தொடங்குபவை நெட்வொர்க் கம்பி வகை. டி-லிங்கில் DSL-2730U முன்னதற்கும், DIR-615 பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். ஒரே எண்ணில் பல பதிப்புகள் வருவதால், Ver என்பதன் அருகில் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். வைஃபை கடவுச்சொல்லும் இவ்வில்லையில் அச்சிடப்பட்டிருக்கும். தம் ரௌட்டரை விற்பவர்கள் வில்லையின் படத்தைப் பலரும் பார்க்கும் இடத்தில் போடாதிருப்பது நல்லது.

தவறான வகையை வாங்கிவிட்டால்

தென்னந்தோப்பு வீட்டில் கண்ணாடி இழைப் பெட்டி உள்ள விவசாயி ஒருவர், 40 மீட்டர் தள்ளியுள்ள மாட்டுக் கொட்டகைக்காக 400 ரூபாய்க்கு ஒரு ரௌட்டர் வாங்குகிறார் என்று கொள்வோம். பின்புறத்தில் ADSL துளை ஒன்று, LAN துளைகள் நான்கு. WAN என்ற எழுத்து எங்கும் இல்லை. வீட்டுப் பெட்டியிலிருந்து கம்பியை இழுத்து LAN துளையில் செருகினால் சில வேளை இணையம் வரும், சில வேளை வராது. அத்துடன் வீட்டுக்குள் இருக்கும் இணையமும் தடைப்படலாம். இரு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் அமர்ந்து, இரண்டும் கைப்பேசிகளுக்கு முகவரி வழங்க முயல்வதே இதற்குக் காரணம்.

இந்த ரௌட்டரை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இணையத்தைத் தானே பெறாவிட்டாலும், வீட்டுப் பெட்டியின் இணையத்தைப் பரப்பும் கருவியாக அது வேலை செய்யும். முதலில் இரு பெட்டிகளுக்கும் இடையே கம்பி இணைக்காமல், கைப்பேசியைப் பழைய ரௌட்டரின் வைஃபையில் மட்டும் சேர்த்து, 192.168.1.1 என்ற முகவரியைத் திறக்க வேண்டும். அங்கு LAN பகுதியில் ரௌட்டரின் முகவரியை மாற்ற வேண்டும். வீட்டுப் பெட்டி 192.168.1.100 முதல் மேலே முகவரிகளை வழங்குவதாக இருந்தால், 192.168.1.2 என்று கொடுக்கலாம். பிறகு அப்புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, DHCP என்பதை நிறுத்திவிட வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. DHCP-ஐ முதலில் நிறுத்தினால் கைப்பேசிக்கு முகவரி கிடைக்காமல், மேற்கொண்டு உள்ளே நுழைவது கடினமாகிவிடும். இவை முடிந்தபின் வீட்டுப் பெட்டியின் LAN துளையிலிருந்து பழைய ரௌட்டரின் LAN துளைக்குக் கம்பியை இணைக்கலாம். ADSL துளை காலியாகவே இருக்கும்.

நெட்வொர்க் கம்பி 100 மீட்டர் வரை போகும் என்பதால் 40 மீட்டர் தூரத்துக்குத் தடை இல்லை. வெளியில் இழுப்பதற்கென விற்கும் கறுப்பு உறைக் கம்பியாக இருத்தல் வேண்டும். சாதாரணக் கம்பியின் உறை வெயிலில் வெடித்துவிடும். திறந்த வெளியில் செல்லும் செப்புக் கம்பி மின்னலின் தாக்கத்தை இரு பெட்டிகளுக்கும் கடத்தும். ஆகவே இடி மழைக்கு வானம் கறுக்கத் தொடங்கும்போதே இரு முனைகளையும் கழற்றிவிட வேண்டும். இடி தொடங்கியபின் கம்பியைத் தொடக் கூடாது.