திட்டமிட்ட பதிவுகளை நிறுத்த வேண்டிய காலை

2022 டிசம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே உலு சிலாங்கூரில் பத்தாங் காலி அருகே ஒரு முகாம் தளத்தின் மீது மண் சரிந்தது. பள்ளி விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்து கூடாரங்களில் உறங்கியவர்களில் 31 பேர் இறந்தார்கள். கடைசி உடல் கிடைத்தது 24ஆம் தேதி.

கோல சிலாங்கூரில் ஒரு ஹோம்ஸ்டேயின் பேஸ்புக் பக்கத்தை நீங்கள் கவனித்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அன்று காலை 8 மணிக்கு ‘கூடாரத்தில் ஓர் இரவு’ என்று ஒரு பதிவு. மாலையில் மின்மினிப் படகுச் சவாரி. மறுநாள் ‘கிறிஸ்துமஸ் விலைச் சரிவு’. மூன்றும் போன வாரமே நேரம் குறித்து வைத்தவை. நீங்கள் எழுந்திருக்காவிட்டாலும் அவை வெளியாகும்.

செய்தி தெரிந்ததும் எது பொருந்தும், எது பொருந்தாது என்று யோசிக்க உட்காராதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு யோசியுங்கள். Meta Business Suite-இன் Planner பகுதியைத் திறந்து, காத்திருக்கும் பதிவுகளை வரைவுக்கு மாற்றுங்கள். அழித்துவிட்டால் படமும் வாசகமும் போய்விடும். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த வேலையில்தான். காசு கட்டி ஓட்டும் விளம்பரம் Ads Manager-இல் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். அதை அங்கே போய்த்தான் நிறுத்த வேண்டும். டிக்டாக்கில் நேரம் குறித்தவற்றையும் வாட்சாப் பிசினஸின் தானியங்கி வாழ்த்தையும் பாருங்கள். ரத்து செய்யலாமா என்று பதறிக் கேட்பவருக்குப் பட்டாசுச் சின்னத்தோடு பதில் போனால் அவர் மனம் என்ன பாடுபடும்?

பிறகு பதிவுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கூடாரப் பதிவு இந்த மாதம் வேண்டவே வேண்டாம். ‘விலைச் சரிவு’ என்பதைக் ‘கழிவு’ என்று மாற்றி, தேடும் பணி முடிந்த பிறகு போடலாம். படகுச் சவாரிக்கு முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் தகவல் போதும்: சவாரி உண்டா, தள்ளிவைக்க யாரை அழைப்பது, பணம் திரும்புமா. இத்தகைய தகவலை நிறுத்தக் கூடாது.

இரங்கல் எழுதுவதானால் இரண்டு வரி போதும். சின்னமும் விலையும் தொலைபேசி எண்ணும் அதில் வேண்டாம். இறந்தோர் எண்ணிக்கையையும் போடாதீர்கள்; அன்று மணிக்கு மணி அது மாறிக்கொண்டிருந்தது. வாட்சாப் குழுவில் வந்த படத்தைப் பகிரவே கூடாது. வடக்கு சிலாங்கூர் தோட்டங்களில் அதைப் பார்ப்பவர் இறந்தவரின் உறவினராகவோ உடன் வேலை செய்தவராகவோ இருக்கலாம்.

மீண்டும் எப்போது தொடங்குவது? உணவு, துணி விற்பவர்கள் இரண்டு மூன்று நாளில் அமைதியான தொனியில் தொடங்கலாம். சுற்றுலாத் தொழிலில் இருப்பவர்கள் தேடும் பணி முடியும்வரை காத்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. அன்றைக்கு அது ஒன்பது நாள். தொடங்கும்போது வரைவுகளை ஒரே மூச்சில் திறந்துவிடாமல், தேதி பார்த்து ஒவ்வொன்றாக வெளியிடுங்கள்.

இத்தனையும் நடக்க, பக்கத்தை நிர்வகிக்கும் அனுமதி குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் காலை 7 மணிக்குள் செய்தி பார்க்கும் பழக்கமுள்ளவராகவும், முதலாளியின் ஒப்புதலுக்குக் காத்திராமல் நிறுத்தும் உரிமை உள்ளவராகவும் இருக்கட்டும். அந்த உரிமையை இன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.